ஆட்டத்தில் கெண்டைக்கால் கிழிந்தால்: ரத்த உறைவிலிருந்து பிரித்தறிவது முதல் மறுபடி கோர்ட்டில் இறங்குவது வரை

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கம் சாயங்காலமானால் ஷட்டில் கோர்ட்டுகளில் விளக்கு எரியத் தொடங்கிவிடும். ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் 35 முதல் 50 வயதுக்காரர்கள். பகல் முழுக்கக் கடையிலோ தோப்பிலோ இருந்துவிட்டு, உடம்பைச் சூடுபடுத்தாமல் நேராக ஆட்டத்தில் இறங்குகிறவர்கள். கெண்டைக்கால் கிழிவது இந்த வயதில்தான் அதிகம். பிசியோதெரபிஸ்ட்டாக இவர்களைப் பார்த்துவருகிறேன். என்னிடம் வருகிறவர்களில் பலர் சரியான காரியங்களைத்தான் செய்திருக்கிறார்கள், வரிசைதான் தவறியிருக்கும். முதல் நாளே எண்ணெய் தேய்த்து உழிச்சல், மூன்றாம் வாரமே ஆட்டம், ஸ்கேன் மட்டும் கடைசியில். அதனால் எதை எப்போது செய்வது, ஏன் என்பதை வரிசையாக எழுதுகிறேன்.

1. கையில் இருக்க வேண்டியவை

தையல் கடையில் கிடைக்கும் அளவு நாடா ஒன்று, 10 செ.மீ. அகல கிரேப் பேண்டேஜ் ஒன்று, பால்பாயிண்ட் பேனா, ஒரு சின்ன நோட்டு. செருப்புக்குள் வைக்க ஒரு செ.மீ. உயர குதிகால் பேட் ஒரு ஜோடி மருந்துக்கடையில் கிடைக்கும். இரண்டு காலுக்கும் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வைத்தால் இடுப்பு சாய்ந்து முதுகு வலிக்கத் தொடங்கும்.

இவற்றில் அளவு நாடாதான் முக்கியம். வீக்கம் கூடுகிறதா குறைகிறதா என்பதைக் கண் சரியாகச் சொல்லாது. நாளுக்கு நாள் எழுதிவைத்த எண் சொல்லும்.

2. வலி வந்த நொடியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்

வலையோரம் விழும் டிராப்பை எடுக்க முன்னால் பாய்கிறீர்கள். பின்னங்கால் முட்டி நேராக நீண்டு, பாதம் மேல்நோக்கி மடிந்து, அதே நேரத்தில் அந்தக் கால் தரையை உந்துகிறது. கெண்டைச் சதை முழுதாக இழுபட்ட நிலையிலேயே சுருங்கவும் வேண்டியிருக்கிறது. சதை நாணோடு சேரும் இடம், அதிலும் உள்பக்கத் தலை எனப்படும் கெண்டைச் சதையின் உள்பக்கப் பிரிவு, இந்த இழுப்பைத் தாங்காமல் கிழியும். வலது கையால் ஆடுகிறவருக்கு இது பெரும்பாலும் இடது காலில் வரும், ஏனென்றால் பின்னால் நிற்பது அந்தக் கால்தான்.

வருகிறவர்கள் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி சொல்வார்கள்: "யாரோ பின்னாலிருந்து கல்லால அடிச்ச மாதிரி இருந்துச்சுங்க, திரும்பிப் பாத்தா யாரும் இல்ல." சிலருக்கு 'டப்' என்று சத்தமும் கேட்டிருக்கும். எந்தப் பந்துக்கு, எந்த அடியில் வந்தது என்று அவர்களால் சொல்ல முடியும். இந்த விவரத்தை அப்போதே மனதில் பதித்துக்கொள்ளுங்கள், நான்காவது படியில் இதுதான் கைகொடுக்கும்.

ஆட்டத்தை அங்கேயே நிறுத்துங்கள். "நடந்தா சரியாயிரும்" என்று இன்னும் இரண்டு பாயிண்ட் ஆடினால், பாதி கிழிந்த நார்கள் மீதியும் அறுபட வாய்ப்பு உண்டு.

3. முதலில் குதிகால் நாணைச் சோதியுங்கள்

குதிகாலுக்கு மேலே கயிறு மாதிரி தட்டுப்படுவது குதிகால் நாண். அது முழுதாக அறுந்தாலும் அதே கல்லடி உணர்வுதான் வரும், ஆனால் சிகிச்சை வேறு. முதல் சில நாட்களுக்குள் கட்டோ அறுவை சிகிச்சையோ தொடங்கவேண்டிய விஷயம் அது.

காயம்பட்டவரைக் குப்புறப் படுக்கவைத்து, பாதம் பெஞ்சின் விளிம்புக்கு வெளியே தொங்கும்படி செய்யுங்கள். காலைத் தளர்த்தச் சொல்லிவிட்டு, கெண்டைச் சதையை இரண்டு பக்கமும் கையால் மெதுவாகப் பிடித்து அமுக்குங்கள். நாண் முழுதாக இருந்தால் பாதம் தானாகக் கொஞ்சம் கீழ்நோக்கி அசையும். நல்ல காலிலும் செய்து ஒப்பிடுங்கள். அடிபட்ட பக்கம் பாதம் அசையவே இல்லை, அல்லது குதிகாலுக்கு மேலே விரலுக்கு ஒரு பள்ளம் தட்டுப்படுகிறது என்றால், இந்த வழிகாட்டியின் மீதி உங்களுக்கு இல்லை. மறுநாளே எலும்பு மருத்துவரிடம் போங்கள்.

இங்கே பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. "பாதத்தைக் கீழே அமுக்க முடியுது, அப்ப நாண் நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். நாண் அறுந்தாலும் பக்கத்துத் தசைகளைக் கொண்டு பாதத்தைக் கொஞ்சம் அமுக்க முடியும். அமுக்கிப் பார்க்கும் சோதனையைத்தான் நம்ப வேண்டும்.

4. கிழிசலா, உறைவா

காலின் ஆழமான சிரையில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்வது ரத்த உறைவு. வலி இரண்டிலும் கெண்டைக்காலில்தான், வீக்கமும் இரண்டிலும் உண்டு. ஆனால் உறைவிலிருந்து ஒரு துண்டு பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. அதனால் இந்தப் படியில் அவசரப்படாதீர்கள்.

முதல் கேள்வி, வலி தொடங்கிய நொடியைச் சொல்ல முடிகிறதா என்பது. கிழிசலுக்கு ஒரு நொடி உண்டு. உறைவு பெரும்பாலும் மணிக்கணக்கில், சில நேரம் நாள்கணக்கில், கனமாக, இறுக்கமாக, விட்டுவிடாத சதைப்பிடிப்பு மாதிரி வரும்.

ஒரு லாரி ஓட்டுநரை நினைவிருக்கிறது. நாசிக்குக்குச் சரக்கு இறக்கிவிட்டு வண்டியிலேயே உட்கார்ந்து ஊர் திரும்பியவர். மறுநாள் வாலிபால் ஆடும்போது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. ஆட்டத்தில் வந்ததால் சதைப்பிடிப்பு என்றே முடிவுசெய்துவிட்டார். எந்தப் பந்துக்கு வந்தது என்று கேட்டேன். யோசித்தார். "காலைல எந்திரிக்கும்போதே கொஞ்சம் கனமாத்தான் இருந்துச்சு" என்றார். சிரையில் ரத்தம் ஓடுவதைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுக்க அன்றே அனுப்பினேன், சிரையில் உறைவு இருந்தது. வலியை ஆட்டத்தில் கவனித்ததால் அது ஆட்டத்தில் தொடங்கியதாகிவிடாது.

இரண்டாவது, வலி எங்கே என்று விரலால் காட்டச் சொல்லுங்கள். கிழிசல்காரர் ஒரு விரலால் கெண்டைக்காலின் உள்பக்கம், நடுப்பகுதியை ஒட்டி ஒரு இடத்தைத் தொடுவார். பாதத்தின் முன்பகுதியில் நின்று குதிகாலைத் தூக்கினால் அந்த இடம் சுரீர் என்று குத்தும். உறைவுக்காரர் பெரும்பாலும் உள்ளங்கையால் கெண்டைக்கால் முழுவதையும் தடவிக் காட்டுவார்.

மூன்றாவது நாடா. முட்டிக்குக் கீழே முன்பக்கம் தட்டுப்படும் எலும்பு மேட்டிலிருந்து 10 செ.மீ. கீழே பேனாவால் கோடு போடுங்கள். அந்தக் கோட்டில் இரண்டு காலையும் சுற்றி அளந்து எழுதுங்கள். கோடு போடாமல் அளந்தால் ஒவ்வொரு நாளும் வேறு இடத்தை அளப்பீர்கள், எண்ணுக்கு அர்த்தமே இருக்காது. வித்தியாசம் 3 செ.மீ.க்கு மேல் போனால் உறைவைச் சந்தேகிக்க வேண்டும். அதற்குக் குறைவாக இருப்பதாலேயே உறைவு இல்லை என்றும் ஆகிவிடாது.

நான்காவது, ஆளின் பின்னணி. கடந்த மூன்று மாதத்தில் பெரிய அறுவை சிகிச்சை, பல நாள் படுக்கை, புற்றுநோய், முன்பே உறைவு வந்தது, ரத்த சம்பந்தமுள்ளவர்களுக்கு வந்தது, கர்ப்பம் அல்லது சமீபத்திய பிரசவம், ஹார்மோன் மாத்திரை, நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்த பயணம். இவற்றில் ஒன்று இருந்தாலும், கல்லடி மாதிரி வலி வந்திருந்தாலும்கூட, நான் ஸ்கேனுக்கு அனுப்பிவிடுவேன்.

பாதத்தை மேல்நோக்கி மடக்கிப் பார்த்து வலித்தால் உறைவு என்று சொல்லும் பழைய சோதனையை விட்டுவிடுங்கள். கிழிந்த சதைக்கும் அது வலிக்கும், உறைவில் பல நேரம் வலிக்காது.

மூச்சு வாங்குதல், மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்தல், இருமலில் ரத்தம், மயக்கம், இவற்றில் எது வந்தாலும் நாடாவைக் கீழே வைத்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.

5. ஸ்கேனில் என்ன கேட்க வேண்டும்

பாலக்காடு, பொள்ளாச்சி இரண்டு பக்கமும் அல்ட்ராசவுண்ட் கிடைக்கிறது. சீட்டில் "வீனஸ் டாப்ளர்" என்று மட்டும் எழுதியிருந்தால் சிரையை மட்டும் பார்த்து அனுப்பிவிடுவார்கள். தசையையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லி மருத்துவரிடமே எழுதி வாங்குங்கள். சிரையைப் பார்க்கும் முறை எளிது: கருவியால் அழுத்தினால் நல்ல சிரை தட்டையாக மடங்கும், உள்ளே உறைவு இருந்தால் மடங்காது.

டி-டைமர் என்ற ரத்தப் பரிசோதனையைப் பற்றி ஒன்று தெரிந்திருக்க வேண்டும். உறைவுக்கான வாய்ப்பு குறைவாக இருக்கும் ஒருவருக்கு அது சரியாக இருந்தால் பெரும்பாலும் நிம்மதிதான். ஆனால் சதை கிழிந்து உள்ளே ரத்தம் கசிந்திருந்தாலும் அது உயரும். உயர்ந்த எண்ணைப் பார்த்த உடனே உறைவு என்று பயப்பட வேண்டாம். ஸ்கேன்தான் முடிவு சொல்லும்.

ஸ்கேன் இல்லாமல், சந்தேகத்தின் பேரில் உறைவுக்கான ஊசியோ மாத்திரையோ தொடங்கினால், கிழிசலுக்குள் கசியும் ரத்தம் நிற்காமல் போகலாம். முதலிலேயே பிரித்தறிவதற்கு இதுவும் ஒரு காரணம். ஏற்கெனவே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் எடுக்கிறவர்கள் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். மாத்திரையைத் தாங்களாக நிறுத்தக் கூடாது.

6. முதல் மூன்று நாள்

உள்ளே ரத்தம் கசிவதைக் குறைப்பதுதான் இந்த மூன்று நாளின் வேலை. விரல்களை விட்டுவிட்டு, பாதத்தில் தொடங்கி முட்டிக்குக் கீழே வரை கிரேப் பேண்டேஜைச் சுற்றுங்கள். கீழே கொஞ்சம் இறுக்கமாக, மேலே போகப்போகத் தளர்வாக. விரல் வெளிறினாலோ மரத்தாலோ அவிழ்த்துவிடுங்கள். இரவில் எடுத்துவிடலாம். ஐஸை ஈரத்துணியில் சுற்றி ஒரு தடவைக்கு 15 நிமிடம் வையுங்கள், வலி குறையும். விந்தி விந்தி நடப்பதைவிட ஊன்றுகோல் நல்லது. வலிக்குப் பாராசிட்டமால் போதும். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் வகைகளை முதல் இரண்டு நாள் தவிர்ப்பது நல்லது, அவை ரத்தக் கசிவைக் கூட்டலாம்.

உழிச்சலைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லவேண்டும். எங்கள் பக்கம் சதை பிடித்தால் முறிவெண்ணெய் தேய்த்து உழிந்துவிடுவது பழக்கம். அந்த எண்ணெயைத் தோலில் சும்மா பூசினால் கெடுதல் இல்லை. ஆனால் புதிதாகக் கிழிந்த சதையை அழுத்தி உழிந்தால் நின்ற கசிவு மறுபடி தொடங்கும். உறைவாக இருந்தால் அது பெயர்ந்து நகரும் ஆபத்தும் உண்டு. வலிக்கும் கெண்டைக்கால் என்ன என்று தெரியாதவரை யார் கையையும் அதில் வைக்கவிடாதீர்கள். சூட்டு ஒத்தடமும் சாராயமும் இந்த நாட்களில் வேண்டாம். இரண்டுமே ரத்த ஓட்டத்தைக் கூட்டும்.

வீட்டில் கவனிக்கவேண்டியது இன்னும் ஒன்று: குந்தி உட்காரும் கழிப்பறை. குந்தும்போது பாதம் முழுதாக மேல்நோக்கி மடங்கும், கெண்டைக்காலில் இழுப்பு விழும். ஓரிரு வாரத்துக்கு நாற்காலி வகைக் கழிப்பறையைப் பயன்படுத்துங்கள். இது யாருக்கும் முதலில் தோன்றாது, கிழிசல் ஆறவில்லை என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

வலி ஓய்விலும் மணிக்கு மணி ஏறி, கெண்டைக்கால் கட்டை மாதிரி இறுகி, விரல்களை யாராவது அசைத்தாலே தாங்கமுடியாமல் போனால், கசிந்த ரத்தம் தசை உறைக்குள் அழுத்தம் ஏற்றுகிறது என்று பொருள். பேண்டேஜை அவிழ்த்துவிட்டு, அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே போங்கள். சில மணி நேரத் தாமதத்திலேயே தசை செத்துப்போகும்.

7. நாலாம் நாள் முதல்: நீலம் இறங்கும், நாடா தொடரும்

வேலந்தாவளத்துப் பலசரக்குக் கடைக்காரர் ஒருவரின் நோட்டைக் கொண்டு இதைச் சொல்கிறேன். 42 வயது, இடது கால். அன்றிரவு வலது 37, இடது 37.5 செ.மீ. மறுநாள் ஸ்கேனில் உள்பக்கத் தலையின் நாண் சேருமிடத்தில் பாதிக் கிழிசல், சிரைகள் சுத்தம். மூன்றாம் நாள் இடது 39. ஐந்தாம் நாள் கணுக்காலைச் சுற்றி நீலமும் பச்சையுமாகப் படர்ந்ததைப் பார்த்துப் பதறி ஓடிவந்தார். கெண்டைக்காலில் கசிந்த ரத்தம் தன் எடையால் கீழே இறங்குவதுதான் அது, அடி புதிதாகப் படவில்லை. அன்று கெண்டைக்கால் அளவு 38.5. எண் இறங்குகிறது, வலி இறங்குகிறது, நீலம் மட்டும் கீழே வருகிறது என்றால் சரியான பாதை.

தப்பான பாதை இதற்கு நேர்மாறு. குறைந்துவந்த வலி ஒரு வாரம், பத்து நாள் கழித்து மறுபடி ஏறுகிறது, நாடாவின் எண்ணும் ஏறுகிறது, கால் முழுக்கச் சூடாக வீங்குகிறது. கிழிசலுக்குப் பிறகு அசையாமல் படுத்தவருக்கு உறைவு பின்னால் வந்து சேரலாம். முதல் ஸ்கேன் சுத்தமாக இருந்ததால் இதைத் தள்ளிவிடாதீர்கள். முட்டிக்குக் கீழுள்ள சின்னச் சிரைகளில் ஆரம்ப உறைவு முதல் ஸ்கேனில் தப்பிவிடவும் செய்யும். மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

இதனால்தான் இரண்டாம் நாளிலிருந்தே, வலி வராத அளவில், மணிக்கு ஒருமுறை பாதத்தை மேலும் கீழும் இருபது தடவை அசைக்கச் சொல்கிறேன். சிரையில் ரத்தம் தேங்காது, ஆறும் நாரும் சரியான திசையில் அமையும்.

8. பளு ஏற்றும் வரிசை

இங்கே நாள்காட்டியைப் பார்க்காதீர்கள், முந்தைய படியை முடித்தீர்களா என்று பாருங்கள். வலியை 10-க்கு மதிப்பிட்டால் 3-க்கு மேல் போகக் கூடாது, மறுநாள் காலையில் முந்தைய நாளைவிடக் கூடியிருக்கவும் கூடாது.

முதலில் விந்தாமல் நடப்பது, குதிகால் பேட் வைத்து. பேட் குதிகாலை உயர்த்துவதால் கிழிந்த சதை இழுபடாது. கடைக்காரர் ஒன்பதாம் நாள் இதை எட்டினார். அடுத்தது நாற்காலியில் உட்கார்ந்தபடி குதிகாலைத் தூக்குவது. முட்டி மடிந்திருப்பதால் கிழிந்த மேல்சதை ஓய்வில் இருக்கும், அடிச்சதை மட்டும் வேலை செய்யும். அப்புறம் சுவரைப் பிடித்து நின்று இரண்டு காலாலும் தூக்குவது. அது சுலபமானதும் இரண்டு காலால் ஏறி, அடிபட்ட காலால் மட்டும் மெதுவாக இறங்குவது. கடைசியில் ஒற்றைக் காலில். கடைக்காரருக்கு இரட்டைக் கால் இரண்டாம் வாரம், ஒற்றைக் கால் நாலாம் வாரம்.

இழுத்து நீட்டும் பயிற்சியை முதல் வாரத்தில் ஆரம்பிக்கிறவர்கள்தான் அதிகம், "பிடிச்சிருக்கு, இழுத்துவிட்டா சரியாகும்" என்று. அது பிடிப்பு இல்லை, கிழிசல். இழுத்தால் சேரும் விளிம்புகள் விலகும். ஒற்றைக் காலில் தூக்கத் தொடங்கிய பிறகு மெதுவான நீட்டல் போதும், அதற்குள் பாதி தானாக வந்திருக்கும்.

லேசான கிழிசலுக்கு ஒன்று முதல் மூன்று வாரம், பாதிக் கிழிசலுக்கு ஒன்றரை, இரண்டு மாதம், முழுக் கிழிசலுக்கு மூன்று, நான்கு மாதம் என்று மனதில் வைத்துக்கொள்ளலாம்.

9. மறுபடி கோர்ட்டில்

மூன்றாம் வாரம் நடக்கும்போது வலியே இருக்காது. மறுகிழிசல் வருவதும் அப்போதுதான். வலி போனாலும் புதிய தழும்பு இன்னும் திடீர் உந்தலைத் தாங்கும் வலுவை எட்டியிருக்காது. நடையில் கெண்டைக்காலில் விழும் பளுவுக்கும் பாய்ச்சலில் விழும் பளுவுக்கும் வெகு வித்தியாசம்.

நான் வைக்கும் வாசல் இது: ஒற்றைக் காலில், முட்டி நேராக, முழு உயரத்துக்கு 25 தடவை தூக்க வேண்டும், அல்லது குறைந்தது நல்ல கால் தூக்கும் எண்ணிக்கையில் பத்தில் ஒன்பது பங்கு. அதன் பிறகு ஒற்றைக் காலில் பத்து தடவை குதித்தால் வலி, பயம் இரண்டும் இருக்கக் கூடாது. அதைத் தாண்டினால் சமதரையில் ஒரு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை, எட்டு சுற்று. தோப்பு மேட்டில் ஏறி ஓடுவதைக் கடைசிக்கு வையுங்கள், ஏற்றத்தில் கெண்டைச்சதை கூடுதலாக இழுபடும்.

ஓட்டம் பழகியதும் ராக்கெட் மட்டும் பிடித்து பந்தில்லாமல் கால்வேலை, பிறகு பாதிக் கோர்ட், பிறகு டபுள்ஸ், கடைசியில் சிங்கிள்ஸ். கடைக்காரர் ஏழாம் வாரம் கால்வேலை தொடங்கி, ஒன்பதாம் வாரம் டபுள்ஸ் ஆடினார். வலையோர டிராப்பை அவர் இன்னும் ஒரு மாதத்துக்குக் கூட்டாளிக்கு விட்டுவிட வேண்டும் என்றேன், கேட்டுக்கொண்டார்.

ஆட்டத்துக்கு முன் பத்து நிமிடம்: வேகமான நடை, மெதுவான ஓட்டம், குதிகால் தூக்கல் பதினைந்து, அப்புறம் மெதுவாகத் தொடங்கி வேகம் கூட்டும் நாலைந்து பாய்ச்சல். ஒற்றைக் கால் தூக்கலை வாரம் மூன்று நாள், ஆறு மாதத்துக்கு விடாதீர்கள். ஆட்டம் தொடங்கியதும் பெரும்பாலோர் முதலில் கைவிடுவது இதைத்தான், அடுத்த கிழிசலோடு என்னிடம் திரும்பி வருகிறவர்களில் அநேகமாக எல்லோரும் இதை நிறுத்தியவர்கள்.